மறு: உப்பு தானாக நீராவதற்கு ஒரு சொல் வேண்டும்

நாகை ஆசிரியை எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மடிக்கணினிப் பராமரிப்புக் கையேடு ஒன்று எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். கடற்காற்றில் வரும் உப்பு கணினிக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடுகிறது அல்லவா, அந்த டெலிக்வெசென்ஸுக்குப் பாடநூலில் ‘ஈரம் உறிஞ்சிக் கரைதல்’ என்று இருக்கிறது. பொருள் சரிதான். ஆனால் ஒரே பக்கத்தில் ஆறு முறை வந்தால் வாக்கியம் நகர மாட்டேன் என்கிறது. ஒற்றைச் சொல் கிடைக்குமா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ‘ஓதம்’ இருக்கிறதே! கடல், அலை, ஈரம் மூன்றுக்கும் ஒரே சொல். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று இன்றும் சொல்கிறோம். உப்பு + ஓதம் = உப்போதம். குற்றியலுகரம் உயிர் வரக் கெட்டுப் புணர்கிறது. கடலிலிருந்து வந்த ஈரம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ஓதம் என்றால் விரைவீக்கம் என்றும் அகராதியில் உண்டு. வகுப்பில் எவனாவது அதைத் தேடிப் பார்த்துவிட்டால் டீச்சர் பாடம் நடத்த முடியாது. ‘நமுத்தல்’ போதும். அப்பளம் நமுத்துப் போச்சு என்றால் புரியாத பிள்ளை உண்டா?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நமுத்தலை நான் வெறுக்கவில்லை. ஞெமுங்குதல் என்ற பழைய வினையோடு அது உறவுடையது என்பது என் நெடுநாள் எண்ணம். ஞெ, நெ, ந என்று மெல்லினம் இளகிக்கொண்டே வருவதைப் பாருங்கள். இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

தூத்துக்குடி, கணினி பழுதுபார்ப்பவர்:
டீச்சர், நமுத்தல் சரிவராது. நமுத்த அப்பளம் அப்பளமாகவே இருக்கும், வறுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். உப்பு அப்படியில்லை, நீராகவே ஆகிவிடும். அந்த நீரில் மின்சாரம் பாயும், அதுதான் போர்டைத் தின்கிறது.

சுத்தமான சோற்றுப்பு நீராக வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 போதும். உப்பளத்தில் கடைசியாக மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவது எதற்காக? வடிக்காத உப்பு காயவே காயாது. போர்டில் படிகிற உப்பை யாரும் வடிப்பதில்லை.

போன மாதம் கடற்கரைத் தெருவிலிருந்து ஒரு மடிக்கணினி வந்தது. விடியற்காலையில் எழுத்துகள் தானாக விழும், மதியம் சரியாகிவிடும். இப்படி நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் முதலில் உப்பைத்தான் சந்தேகப்படுவேன். திறந்தேன். காற்று வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில், சார்ஜர் முனையின் கால்களைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. முன்பு யாரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மட்டும் துடைத்திருக்கிறார்கள். அதில் உப்பு கரையாது, இடம்தான் மாறும். பேட்டரியைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, பிறகு ஆல்கஹால் விட்டு நீரை வெளியேற்றி, ஒரு நாள் முழுக்கக் காற்றில் உலர்த்தினேன். ஒரு செப்புத்தடம் அரித்துப் போயிருந்தது, கம்பி வைத்து இணைக்க வேண்டியதாயிற்று.

இதை வீட்டில் செய்யச் சொல்லாதீர்கள். கடல் பார்த்த ஜன்னலடியில் வைக்காதே, ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் அரைமணி நேரம் பையை மூடியபடியே வை, இல்லாவிட்டால் குளிர்ந்த போர்டில் பனி கோத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் எழுதினால் போதும்.

பெசன்ட் நகர்:
இவ்வளவு சிரமமே வேண்டாம். நான் மூன்று வருடமாகச் சார்ஜரைப் பிடுங்குவதே இல்லை, கணினி இரவும் பகலும் ஓடுகிறது. சூட்டில் ஈரம் அண்டாது. டச்பேட் மட்டும் ஒரு பக்கம் லேசாக மேலே எழும்பியிருக்கிறது, அழுத்தினால் சரியாக வேலை செய்கிறது.

தூத்துக்குடி, கணினி பழுதுபார்ப்பவர்:
சார், தயவுசெய்து உடனே அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தவே அழுத்தாதீர்கள். டச்பேட்டைத் தூக்குவது கீழே உப்பியிருக்கும் பேட்டரியாகத்தான் இருக்கும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். ஓடும் கணினிக்குள் ஈரப்பதம் குறையும் என்பது உண்மை. ஆனால் மே மாதச் சூட்டில் நூறு சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தால் பேட்டரி சீக்கிரம் கெடும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல மாடல்களில் இருக்கிறது.

டீச்சர், எங்கள் வீட்டில் ‘உப்பு நீர்விட்டுக்கிச்சு’ என்பார்கள்.

நாகை ஆசிரியை:
எங்கள் வீட்டிலும் அதுதான்! ‘நீர்விடல்’ என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பாடநூல் தொடரையும் சேர்த்துவிடுகிறேன்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
எனக்குச் சம்மதம். நமுத்தலை ஈரம் வாங்கியும் நீராகாதவற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
செடிக்கு நீர் விடுவதும் நீர்விடல்தான் அம்மா. உப்பு நீரைப் பெறுகிறதா விடுகிறதா என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் வாக்கு உப்போதத்துக்கே.

தூத்துக்குடி, கணினி பழுதுபார்ப்பவர்:
பெசன்ட் நகர் சார், பேட்டரியைக் கழற்றக் கொடுத்தீர்களா? பதில் போடுங்கள்.