இதயம் தள்ளுவது குறைந்தால் உடம்பு ஏன் ஊதுகிறது?

நர்சிங்_மூன்றாமாண்டு:
எங்கள் வார்டில் 58 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்தவர். எக்கோவில் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 30%, அதாவது இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் அவ்வளவுதான் வெளியே போகிறது, ஒரு துடிப்புக்கு சுமார் 40 மில்லி தள்ளுகிறதாம். பிரஷர் 100/70, நாடி 104, கை கால் சில்லென்று இருக்கிறது. ஆனால் மூன்று வாரத்தில் எடை 62 கிலோவிலிருந்து 68 ஆகிவிட்டது. கணுக்காலை அமுக்கினால் குழி விழுகிறது. இதயம் குறைவாகத் தள்ளினால் இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?

பம்ப்காரன்:
இதில் குழம்ப என்ன இருக்கிறது? முன்னால் போக முடியாத ரத்தம் பின்னால் தேங்குகிறது, சாக்கடை அடைத்தால் தெருவில் நிற்பதைப் போல. இடப்பக்கம் தேங்கினால் நுரையீரலில் நீர், வலப்பக்கம் தேங்கினால் காலில் வீக்கம். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

இரவுப்பணி:
தேங்குகிறது என்பது சரி. ஆனால் அந்த 6 கிலோவுக்கு நீங்கள் கணக்குச் சொல்லவில்லை. 62 கிலோ மனிதரின் மொத்த ரத்தமே நாலரை லிட்டர் அளவுதான். ஓரிடத்து ரத்தம் இன்னோரிடத்தில் தேங்கினால் இடம்தான் மாறும், தராசு முள் நகராது. முள் நகர்ந்திருக்கிறது என்றால் அவர் குடித்ததும் சாப்பிட்டதும் வெளியே போகாமல் உள்ளே நின்றிருக்கிறது. நிறுத்தி வைத்தது சிறுநீரகம்.

நர்சிங்_மூன்றாமாண்டு:
அங்கேதான் சிக்கல், சிஸ்டர். கால் வீங்கிக் கிடக்கும்போது சிறுநீரகம் ஏன் நீரைப் பிடித்து வைக்கிறது? அதற்குத் தெரியாதா?

இரவுப்பணி:
தெரியாது. கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அளக்க உடம்பில் எந்த உணர்வியும் இல்லை. முக்கியமான காவல் தமனிப் பக்கம் இருக்கிறது: கழுத்துத் தமனியில், மகாதமனி வளைவில், சிறுநீரகத்துக்குள் நுழையும் சிறு தமனியில். சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத்தான் அவை கவனிக்கின்றன. உங்கள் நோயாளிக்கு ஒரு துடிப்புக்கு 40 மில்லிதான் வருகிறது, சுவர் முன்பு போல விரிவதில்லை. ரத்தம் கொட்டிப்போன ஆளுக்கும் அதே சேதிதான் போகும். ஆகவே உடம்பு ரத்தக்கசிவுக்குச் செய்வதையே இங்கும் செய்கிறது.

முதலில் சிம்பதெடிக் நரம்புகள் முடுக்கிவிடப்படும். நாடி 104, கை கால் குளிர்ச்சி இரண்டும் அந்த வேலைதான். 40-ஐ 104-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். துடிப்புக்கு 70 மில்லி, நாடி 70 உள்ளவருக்கு 5 லிட்டர் வரும். வேகத்தைக் கூட்டியும் பற்றாக்குறை தீரவில்லை. அடுத்து சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது, அதனால் ஆஞ்சியோடென்சின், பிறகு ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. கடைசியில் நடப்பது ஒன்றுதான்: சிறுநீரில் போக வேண்டிய சோடியம் திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது, நீர் அதன் பின்னாலேயே வருகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். செல்களுக்கு வெளியே நிற்கும் ஒரு லிட்டர் நீரோடு ஏறக்குறைய 9 கிராம் உப்பு நிற்கும், நார்மல் சலைன் பாட்டிலில் இருக்கும் அதே அளவு. 6 லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல். 21 நாளில் வகுத்தால் நாளுக்கு இரண்டரை கிராம் வெளியே போகாமல் நின்றாலே இந்த நிலை வந்துவிடும். ஒரே நாளில் யாருக்கும் கண்ணில் படாது. வேட்டி, செருப்பு இறுகுவதற்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், அதே தராசில் எடை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அம்மாவின்_மகன்:
என் அம்மாவுக்கும் சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். அப்படியானால் இதயம் பழுதா? தண்ணீரைக் குறைத்துவிட்டோம்.

இரவுப்பணி:
தம்பி, வீக்கத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். அந்த மாத்திரை நுண்தமனிகளை விரித்துவிடும். தந்துகிக்குள் அழுத்தம் கூடி அங்கேயே நீர் கசியும். எடை பெரிதாக ஏறாது, படுத்தால் மூச்சு முட்டாது, கழுத்துச் சிரை புடைக்காது. டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், தண்ணீரைக் குறைத்தும் இந்த வீக்கம் வடியாது.

பம்ப்காரன்:
சரி சிஸ்டர், இதற்குப் பதில் சொல்லுங்கள். நான் ஆம்புலன்ஸில் இருக்கிறேன். சாயங்காலம் வரை நடமாடியவர், நள்ளிரவில் உட்கார்ந்து நுரை தள்ளுகிறார், பிரஷர் 210. முந்தின நாள் எடைதான் இன்றும். சிறுநீரகம் சோடியம் பிடிக்க அங்கே நேரமே இல்லையே?

இரவுப்பணி:
அந்த ஆள் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. அங்கே சிரைகள் இறுகி வயிற்றுப் பக்கத்து ரத்தம் மார்புக்கு ஏறுகிறது. தமனிகளும் இறுகியதால் இடப்பக்கத்தால் எதிர்த்துத் தள்ள முடியவில்லை. நுரையீரல் தந்துகியில் அழுத்தம் 25-ஐத் தாண்டினால் காற்றறைக்குள் நீர் கசியத் தொடங்கும். நாள்பட்ட நோயாளிக்கு நிணநீர்க் குழாய்கள் பழகியிருப்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அது இடமாற்றம். இந்தப் பெண் கேட்டிருக்கும் நோயாளிக்கு நடந்தது மூன்று வாரச் சேமிப்பு.

நர்சிங்_மூன்றாமாண்டு:
இன்று ரவுண்ட்ஸில் வேறு குழப்பம். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 1.6, நேற்று யூரின் 600 மில்லி. ஒரு டாக்டர் 500 மில்லி சலைன் போடலாம் என்கிறார், இன்னொருவர் சிறுநீரைக் கூட்டி நீரை இறக்கும் ஃபுரோசமைட் ஊசி என்கிறார்.

பம்ப்காரன்:
பிரஷர் 100, யூரின் இல்லை. சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்று இப்போது சிஸ்டரே சொன்னார். அப்படியானால் சலைன்தானே நியாயம்?

இரவுப்பணி:
கழுத்துச் சிரையைப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. 45 டிகிரியில் சாய்த்து உட்கார வைத்தால் எங்கே தெரிகிறது?

நர்சிங்_மூன்றாமாண்டு:
காது மடல் வரை புடைத்துத் தெரிகிறது.

இரவுப்பணி:
அப்படியென்றால் அறைகள் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கின்றன. இந்த இதயத்தில் இன்னும் ஊற்றினால் தள்ளும் அளவு அதிகரிக்காது, பின்னழுத்தம்தான் ஏறும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் ஓட தமனி அழுத்தம் மட்டும் போதாது, சிரை அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். 100/70-க்குச் சராசரி 80. சிரை அழுத்தம் 5 என்றால் மிச்சம் 75. இவருக்கு 20 என்று வைத்தால் 60. நீரை இறக்கினால் அந்த 20 குறையும். ஃபுரோசமைட் போட்ட முதல் 6 மணி நேரம் மணிக்கு 100 மில்லிக்கு மேல் வருகிறதா என்று எழுதி வை, வராவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்.

பம்ப்காரன்:
சிரை அழுத்தம்தான் காரணம் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்? தள்ளுவது குறைந்ததாலும் அதே 1.6 வரலாமே.

இரவுப்பணி:
வரலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, மருத்துவர்களிடையேயும் இதில் வாதம் ஓயவில்லை. கை கால் சில்லென்று இருப்பது எனக்கும் உறுத்துகிறது. நீர் இறங்கும்போது பிரஷர் 85-க்கு வந்தாலோ, பேச்சு குழறினாலோ உங்கள் பக்கம் வலுக்கும். அப்போதும் பதில் சலைன் ஆகாது, இதயத்தைத் தூண்டும் மருந்து பற்றிக் கேட்பார்கள்.

நர்சிங்_மூன்றாமாண்டு:
ஃபுரோசமைட் போட்டார்கள். 6 மணி நேரத்தில் 900 மில்லி. இன்று காலை எடை 66.5, பிரஷர் 98/66, கழுத்துச் சிரை பாதிக்கு இறங்கிவிட்டது. கிரியாட்டினின் மட்டும் 1.7.

பம்ப்காரன்:
ஏறிவிட்டது, பார்த்தீர்களா?

இரவுப்பணி:
சிரை இறங்கி, ஆளும் தெளிவாக இருக்கும்போது 0.1 ஏறியதற்காக நான் மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். திசுவில் நிற்கும் நீர் ரத்தக் குழாய்க்குள் திரும்பி வர நேரம் எடுக்கும், அதைவிட வேகமாக இறக்கினால் சிறுநீரகம் திணறும். நாளை எடை, கிரியாட்டினின் இரண்டையும் சேர்த்துப் போடு, பாப்பா. கால் குளிர்ச்சியையும் தொட்டுப் பார்த்து எழுது.