கலைச்சொல்: ஒப்பீட்டுத் தாளில் இரண்டு 'விலை', இரண்டாவதை எப்படி அழைப்பது?

மாலதி, பிறை:

வணக்கம். சிறு தொழிற்சாலைகளுக்கான விரிதாள் படிவத்தைத் தமிழாக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மூன்று நான்கு விநியோகிப்பாளர்களின் விலைப்புள்ளிகளை அடுக்கும் தாளில் 'விலை' என்ற தலைப்பு இரண்டு பத்திகளுக்கு வருகிறது. ஒன்று, அவர்கள் தங்கள் தாளில் எழுதிக் கொடுத்த விலை. மற்றது, வரி, லாரிக்கூலி, அச்சுத் தகட்டுக் கட்டணம் எல்லாம் ஏறி, சரக்கு நம் ஸ்டோர் வாசலில் இறங்கும்போது ஒரு பெட்டிக்கு உண்மையில் விழுகிற தொகை. தேர்வு செய்வது இரண்டாவதைப் பார்த்து. கொள்முதல் ஆணையில் எழுத வேண்டியது முதலாவதை. பெயர் ஒன்றாக இருந்தால் ஆணை தயாரிப்பவர் தவறான பத்தியை எடுத்துவிடுவார். அதனால்தான் கேட்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 4,000 அட்டைப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 'அ' ஒரு வியாபாரி. பெட்டி 1.45 வெள்ளி, நம் இடத்தில் கொண்டுவந்து கொடுப்பார், வேறு எதுவும் இல்லை. 'ஆ' ஒரு தொழிற்சாலை. பெட்டி 1.22 வெள்ளி, குறைந்தது 5,000 எடுக்க வேண்டும், விற்பனை வரி 10 விழுக்காடு தனி, அச்சுத் தகட்டுக்கு 280, லாரிக்கு 180. 'இ' கிள்ளானில் உள்ள தொழிற்சாலை. 20 பெட்டி கொண்ட கட்டு 25.60 வெள்ளி, வரி 10 விழுக்காடு தனி, லாரிக்கு 150.

எழுதிக் கொடுத்த விலையை மட்டும் பார்த்தால் 1.22, 1.28, 1.45. 'ஆ' எங்கோ முன்னால் நிற்கிறது. எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தால் 'அ' 1.45, 'ஆ' 1.434, 'இ' 1.4455. இருபத்துமூன்று காசு வித்தியாசம் 1.6 காசாகச் சுருங்கிவிட்டது. இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும்.

தேவி, பட்டர்வொர்த்:

மாலதி, 'விலைப்புள்ளி' என்ற சொல்லே இருக்கிறதே, புதிதாக எதற்கு? பள்ளிக்கு ஒளிபடக் கருவி வாங்கும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கோப்பில் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறோம். மலாயில் 'செபுட் ஹர்கா' என்றாலும் விலையைச் சொல்வதுதானே. மூன்று தாள் வாங்குகிறோம், குறைந்ததை எடுக்கிறோம். தாளின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்தால் போதும்.

மாலதி:

டீச்சர், விலைப்புள்ளி என்பது அவர்கள் தரும் தாளுக்குப் பெயர். அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் கேட்பது அந்தத் தாளில் எங்குமே இல்லாத எண்ணுக்கு. அதை நாம்தான் கணக்கிடுகிறோம். ஒரே ஒரு கருவி, எல்லாரும் ஒரே மாதிரி கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கிறார்கள் என்றால் அடித்தொகையே போதும், உங்கள் வழி சரி. இங்கே 'ஆ'வின் அடித்தொகை 5,000 பெட்டிக்கு, மற்றவர்களுடையது 4,000 பெட்டிக்கு. 7,170ஐயும் 5,782ஐயும் நேருக்கு நேர் வைத்தால் எதுவும் தெரியாது.

சேகர், கோலாலம்பூர்:

'இறங்குவிலை' என்று வைக்கலாம். சரக்கு வந்து இறங்கும்போது உள்ள விலை. சுருக்கமாக இருக்கிறது, பத்தித் தலைப்பில் அடங்கும்.

இன்னொன்று. 'ஆ'வின் மொத்தத்தை 4,000ஆல் அல்லவா வகுக்க வேண்டும்? நமக்குத் தேவை 4,000தான். அப்படிச் செய்தால் ஒரு பெட்டி 1.79 வெள்ளி ஆகிறது. 1.434 என்பது 'ஆ'வுக்குச் சாதகமான கணக்கு.

ரகு, செந்தூல்:

சேகர் தம்பி, 'இறங்குவிலை' என்றால் மார்க்கெட்டில் விலை விழுகிறது என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். 'வெங்காயம் இறங்கிடுச்சு' என்று தினமும் சொல்கிற வாய்க்கு வேறு பொருள் வராது.

மளிகை மொத்த வியாபாரத்தில் இதற்குச் சொல் ஏற்கெனவே உண்டு: அடக்கம். 'மூட்டைக்கு அடக்கம் எவ்வளவு ஆச்சு' என்று கேட்டால் கொள்விலை, லாரி, கூலி எல்லாம் சேர்த்துத்தான் பதில் வரும். யாரும் பில்லில் இருக்கிற விலையை மட்டும் சொல்ல மாட்டார்கள். வழக்கில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்?

வகுக்கும் எண்ணைப் பற்றி: மீதி 1,000 பெட்டி பயன்படுமா, அதுதான் கேள்வி. பயன்படும் என்றால் 5,000. அட்டைப்பெட்டி நம் ஊர் ஈரத்தில் தரையில் கிடந்தால் இளகிவிடும், அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும். பலகை மேல் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறவர் 5,000ஆல் வகுக்கட்டும். அச்சு மாறப்போகிறது, மீதி குப்பைக்குத்தான் என்றால் சேகர் சொல்கிற 1.79தான் உண்மை.

அமுதன், பாயான் லெப்பாஸ்:

பெயர் எதுவானாலும் கணக்கு இப்படி இருக்கட்டும். B1இல் தேவையான எண்ணிக்கை. ஒவ்வொரு விநியோகிப்பாளருக்கும் ஒரு வரிசை: C எழுதிக் கொடுத்த விலை, D அந்த விலை எத்தனை பெட்டிக்கு ('இ'க்கு 20, மற்றவர்களுக்கு 1), E குறைந்தபட்ச அளவு, F வரி விழுக்காடு, H ஒருமுறைக் கட்டணம், I லாரி. G வாங்க வேண்டிய அளவு, J மொத்தம், K ஒரு பெட்டிக்கு.

```
G2: =CEILING(MAX($B$1,E2),D2)
J2: =IF(ISNUMBER(C2),ROUND(G2*C2/D2*(1+F2),2)+H2+I2,"")
K2: =IF(J2="","",J2/G2)
```

J2இல் ISNUMBER வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் இன்னும் விலை அனுப்பவில்லை, C காலியாக இருக்கிறது என்றால், அந்தச் சோதனை இல்லாத தாள் அவருடைய மொத்தத்தைச் சுழியம் என்றோ வெறும் லாரிக்கூலி என்றோ காட்டும். MIN உடனே அவரைத்தான் மலிவு என்று எடுத்துக்கொள்ளும். மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய விலை எழுத்தாக உட்கார்ந்திருப்பது இன்னொரு தொல்லை. கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். அந்த வரிசையில் K காலியாக வந்தால் C பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாலதி அக்காவிடம் ஒரு கேள்வி. வரியை ஏன் உள்ளே சேர்க்கிறோம்? என்னிடம் உள்ள பழைய படிவத்தில் வரியை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள்.

மாலதி:

அது 2015 ஏப்ரலில் வந்த பொருள் சேவை வரிக் காலத்துப் படிவமாக இருக்கும். அப்போது பதிவு பெற்ற கம்பெனி வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற முடிந்தது, அதனால் அது செலவில்லை. 2018 செப்டம்பர் 1 முதல் மீண்டும் விற்பனை வரி. உற்பத்தியாளர் ஒருமுறை வசூலிப்பார், வாங்குகிறவருக்குத் திரும்பி வராது. செலவோடு செலவாக நிற்கிறது. விலக்குப் பெற்ற உற்பத்தியாளர் மட்டும் F பத்தியில் சுழியம் போடலாம். 'அ' வியாபாரி என்பதால் வரி அவர் விலைக்குள்ளேயே மறைந்திருக்கிறது. அதனால்தான் அவர் 1.45 சொல்வது அதிகமாகத் தெரிகிறது.

ரகு அண்ணன் சொன்ன அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தனியாக 'அடக்கவிலை' என்று போட்டால் கணக்கியலில் உற்பத்திச் செலவுக்கும் அதுதான் பெயர். எங்கே வரைக்குமான அடக்கம் என்று ஓர் அடைமொழி வேண்டும். 'வந்துசேர் அடக்கம்' எப்படி?

சேகர்:

'இறங்குவிலை'யைக் கைவிடுகிறேன், ரகு அண்ணன் சொன்னது நியாயம். ஆனால் 'அடக்கம்' என்றால் இங்கே பலருக்கு மரண அறிவிப்புதான் முதலில் கண்ணில் வரும். விலைக்கு வாடிக்கையாகச் சொல்பவர்கள் வயதான வியாபாரிகள். தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிற இளையவர்களுக்குப் புரியுமா?

இலங்கையில் செலவுக்குக் 'கிரயம்' என்பார்கள். 'சேர்கிரயம்' என்றால் குழப்பம் இல்லை.

ரகு:

கிரயம் என்றால் எனக்கு நிலப் பத்திரம் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொரு வீடு இருக்கத்தான் செய்யும். தலைப்பில் 'வந்துசேர் அடக்கம் (ஒரு பெட்டிக்கு, வெள்ளி)' என்று எழுதினால் யாரும் இறுதிச் சடங்கு என்று படிக்க மாட்டார்கள்.

அமுதன்:

பெயரை முடிப்பதற்கு முன் ஆணைப் பக்கத்தையும் பாருங்கள். சிக்கல் அங்கேதான் வெடிக்கிறது. 'இ'யைத் தேர்ந்தெடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணைத் தாளை K பத்தியோடு இணைத்தால் '4,000 பெட்டி, 1.4455 வெள்ளி' என்று வரும். 'இ' அனுப்பும் இன்வாய்ஸில் 200 கட்டு, 25.60 என்றுதான் இருக்கும். கணக்குப் பிரிவு ஆணையையும் சரக்கு வரவுச் சீட்டையும் இன்வாய்ஸையும் ஒப்பிடும்போது எந்த வரியும் பொருந்தாது, பணம் நின்றுபோகும். எண்ணிக்கையை G பத்தியிலிருந்தும் விலையை C பத்தியிலிருந்தும் எடுப்பது அதைவிட மோசம். 4,000 கட்டு, 25.60 வெள்ளி, ஆக 1,02,400 வெள்ளிக்கு ஆணை போய்விடும்.

ஆணையில் விநியோகிப்பாளரின் அலகிலேயே எழுத வேண்டும். எண்ணிக்கை G2/D2, விலை C2. 'இ'க்கு 200 கட்டு, 25.60, தொகை 5,120.00. அடுத்த வரியில் வரி 512.00, அடுத்து லாரி 150.00, மொத்தம் 5,782.00. இந்த மொத்தம் J பத்தியோடு காசு பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆணைக்கு எடுத்த எண்களை மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள், சூத்திரமாக வேண்டாம். அடுத்த மாதம் புது விலை கேட்டு C பத்தியை மாற்றினால், அனுப்பி முடித்த ஆணையும் கூடவே மாறி நிற்கும். விலைப்புள்ளியின் எண்ணும் தேதியும் ஆணையில் கட்டாயம் இருக்க வேண்டும். செல்லுபடிக்காலம் 30 நாள் என்று போட்டிருந்து ஆணை 34ஆம் நாள் போனால், பழைய விலையைத் தர அவர்களுக்குக் கடமை இல்லை.

தேவி:

இப்போதுதான் புரிகிறது. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். அப்படியானால் முதல் பத்தியின் தலைப்பையும் மாற்றுங்கள். வெறும் 'விலை' என்று விட்டால் மறுபடியும் இதே குழப்பம் வரும். 'புள்ளி விலை' என்று வைத்தால் விலைப்புள்ளியில் உள்ள விலை என்பது தெரியும்.

மாலதி:

நன்றி டீச்சர், அதை எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு C 'புள்ளி விலை', K 'வந்துசேர் அடக்கம்'. 'விலை' என்ற சொல் ஒரு பத்தியில் மட்டும்தான் இருக்கும், ஆணைக்குப் போவதும் அது ஒன்றுதான். சேகர், 'சேர்கிரயம்' குறிப்பில் இருக்கட்டும், இலங்கை நண்பர்கள் வந்தால் கேட்போம்.

ஒன்று இன்னும் தீரவில்லை. 'ஆ'வின் 280 வெள்ளித் தகடு முதல் தடவைதான். அடுத்த ஆணையில் அது இல்லை, பெட்டி 1.378 வெள்ளிக்கு வந்துவிடும். வருடத்துக்கு மூன்று தடவை வாங்குகிறவருக்கு, மீதியை வைக்க இடமும் இருந்தால், 'ஆ'தான் சரி. முதல் தடவையின் அடக்கத்தையும் அடுத்தடுத்த தடவைகளின் அடக்கத்தையும் ஒரே தலைப்பின் கீழ் வைக்க முடியாது. 'முதல் அடக்கம்', 'தொடர் அடக்கம்' என்று பிரிக்கலாமா, இல்லை தகட்டுச் செலவை மூன்று ஆணைகளுக்குப் பங்கிட்டு ஒரே பத்தியாக விடலாமா? ரகு அண்ணன், உங்கள் பக்கம் மூட்டைச் சாக்கு புதிதாக அடிக்கும்போது அச்சுக்கூலியை எப்படிக் கணக்கு வைப்பீர்கள்?

ரகு:

முதல் லோடிலேயே ஏற்றிவிடுவோம். அடுத்த லோடு வருமா என்பது யாருக்கும் உறுதி இல்லை.