வெறும் மாடல் பெயரை மட்டும் தட்டுகிறார்கள், எதைக் காட்டுவது?

மைக்கறை: பிரிண்டர் விற்பனையும் சர்வீஸும் உள்ள ஒரு தளத்தில் தேடல் பெட்டி என் பொறுப்பு. பலர் `K450` என்று மட்டும் தட்டுகிறார்கள். வாங்க வந்தவரா, மை தீர்ந்தவரா, பேப்பர் சிக்கி நிற்பவரா என்று தெரியவில்லை. என்னவெல்லாம் கேட்க வந்திருக்கலாம் என்று யோசித்து எழுதினேன், 14 வந்தது. எப்படிக் குறைப்பது?

நேர்வழி: பெயரைத் தட்டினால் அந்தப் பொருளின் பக்கம்தான் வேண்டும். நேரே அங்கே அனுப்பிவிடுங்கள். எங்கள் தளத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் கிளிக் செய்கிறார்கள்.

பழைய லாக்: முதலில் இருப்பதை யாரும் கிளிக் செய்வார்கள், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கிளிக் செய்தவர் 5 வினாடியில் திரும்பி வந்தாரா என்று பாருங்கள்.

மைக்கறை, யோசித்து எழுதிய பட்டியலை ஓரமாக வையுங்கள். `K450` என்று மட்டும் தட்டிய 100 பேரை லாக்கில் எடுத்து, அதே வருகையில் அடுத்து என்ன தட்டினார்கள் என்று கையாலேயே எண்ணுங்கள். முதலில் சொல்லாமல் விட்ட சொல்லை இரண்டாம் முறை அவர்களே சேர்ப்பார்கள்.

கடைசிப்பக்கம்: எங்கள் கடைப் பெயரைத் தேடினால் கூகுளில் மூன்றாவதாக வருகிறது. அதற்கும் இதுதான் வழியா?

பழைய லாக்: அது வேறு கதை. தனி இழை போடுங்கள்.

மைக்கறை: எண்ணிவிட்டேன். 100 பேரில் 58 பேர் மறுபடி தட்டியிருக்கிறார்கள். `K450 driver` 23, மை 16, வைஃபை இணைப்பு 9, மீதி 10 உதிரி. விலை கேட்டவர் ஒருவர்கூட இல்லை! அப்போ விலையை எடுத்துவிடலாமா?

பழைய லாக்: அவசரப்படாதீர்கள். விலை பார்க்க வந்தவருக்கு முதல் பக்கத்திலேயே அது கிடைத்திருக்கும், அவர் ஏன் மறுபடி தட்டப்போகிறார்? மற்ற 42 பேர் எங்கே போனார்கள் என்று பாருங்கள். கூடையில் போட்டவரும் இருப்பார், வெறுத்துப்போய் மூடியவரும் இருப்பார். இந்த எண்ணிக்கையில் தேடியது கிடைக்காதவரின் குரல்தான் கேட்கும்.

இன்னொன்று, மாடலின் வயது. புதிதாக வந்தபோது விலையும் ஒப்பீடும் தேடுவார்கள். சில வருடம் போனால் டிரைவர், மை, உதிரிபாகம் என்று மாறிவிடும். அதனால் எல்லா மாடலுக்கும் ஒரே வரிசை சரிவராது. பழைய மாடலுக்கு மேலே டிரைவர், மை, வைஃபை என்று மூன்று பொத்தான், அப்புறம் பொருளின் பக்கம் போதும். உதிரியாக வந்த பத்தையும் பொத்தானாக்கினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

நேர்வழி: சரி, நாளைக்கே ஒரு புது மாடல் வருகிறது. லாக்கே இல்லை. அப்போது?

பழைய லாக்: இதற்கு முந்தைய மாடல் வந்த முதல் மாத லாக்கை எடுத்து ஓட்டுவேன். முற்றிலும் புது வகைப் பொருள் என்றால் என்னிடமும் வழி இல்லை.

மைக்கறை: அந்த 42 பேரில் 17 பேர் எதையுமே தொடாமல் போயிருக்கிறார்கள். இவர்களை எதில் சேர்ப்பது?