ஒரே பருவத்தில் முடியும் புராஜெக்ட்: பம்ப் தண்ணீரின்றி ஓடுவதைக் கண்டறிவதில் புதிதாக என்ன செய்யலாம்?

கடைசிப்பருவம்:
மின்னியல் இறுதியாண்டு, மூவர் குழு. மண் ஈரத்தை அளந்து நீர் பாய்ச்சும் கருவியைச் செய்யப்போகிறோம் என்றோம். ஆண்டுதோறும் யாராவது இதையே கொண்டுவருகிறார்கள் என்று வழிகாட்டி மறுத்துவிட்டார். இப்போது, கிணறு வற்றி பம்ப் வெறுமனே ஓடினால் தானாக நிறுத்தும் கருவியை யோசிக்கிறோம். அது கடையிலேயே கிடைக்கிறதே, இதில் எங்களுடையது என்று எதைக் காட்டுவது? ஆய்வகத்தில் ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோனோபிளாக் பம்பும் தொட்டியும் இருக்கின்றன. முதல் ரிவ்யூ அடுத்த வாரம்.

சர்க்யூட்பிரியன்:
எளிது தம்பி. தண்ணீர் இல்லையென்றால் சுமை குறையும், மின்னோட்டமும் குறையும். ஓர் எல்லை வைத்து, அதற்குக் கீழே போனால் ரிலேயை நிறுத்திவிடுங்கள். மொபைல் செயலியும் சேர்த்தால் புதுமை வந்துவிடும்.

மோட்டார் ஆய்வகம்:
சுமை குறையும் என்பது சரி. ஆனால் மின்னோட்டம் மட்டும் போதாது. தண்ணீர் இல்லாவிட்டாலும் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் மோட்டாருக்கு வேண்டும். மின்னழுத்தம் ஏறினால் அதுவும் ஏறும். 230 வோல்ட்டில் வைத்த எல்லை 250 வோல்ட்டில் ஏமாற்றும். வாட் கணக்கில் திறனை அளப்பது இதைவிட நம்பகமானது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் திறன் காரணியும் நன்றாக விழும்; உங்கள் பம்பில் கெப்பாசிட்டர் இருப்பதால் அவ்வளவு தெளிவாக விழாது.

செயலியை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: மையவிலக்கு பம்பில் வெளியேற்று வால்வை மூடினாலும் திறன் குறையும். வால்வு மூடியதா, கிணறு வற்றியதா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதை உங்கள் பம்பிலேயே அளந்து காட்டுங்கள்.

PZEM-004T மாட்யூல் மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் எல்லாவற்றையும் தானே கணக்கிட்டு ESP32-க்குத் தந்துவிடும். முதலில் அதை ஆய்வக வாட்மீட்டரோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். மின்னழுத்தத்தை மாற்ற டிம்மர்ஸ்டாட் போதும். அதன் ஆம்பியர் அளவு பம்புக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பை வெறுமனே ஓட்டுவது சில நொடிகளுக்குமேல் வேண்டாம். மெக்கானிக்கல் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது, காய்ந்தால் எரிந்துவிடும்.

கிணற்றடி:
எங்கள் தோட்டத்தில் ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார். கிணற்றில் தண்ணீர் இருந்தும் இரவில் ஆட்டோ ஸ்டார்ட்டர் நிறுத்திவிடுகிறது. எந்த ஸ்டார்ட்டர் வாங்கலாம், ஐயா?

மோட்டார் ஆய்வகம்:
வாங்குவதற்கு முன், நிற்கும் நேரத்தில் வோல்ட்மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, அம்மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துவையுங்கள். இரவில் மின்னழுத்தம் ஏறி, சுமையின் மின்னோட்டம் எல்லைக்குக் கீழே போகலாம். நீர்மட்டம் இறங்கி காற்று கலப்பதாகவும் இருக்கலாம். அளக்காமல் சொல்ல முடியாது.

கடைசிப்பருவம்:
நன்றி ஐயா. 230 வோல்ட்டில் முதல் அளவுகள்: தண்ணீர் பாயும்போது 1,080 வாட், வால்வை முழுக்க மூடினால் 760, தண்ணீரே இல்லையென்றால் 450. இந்த மூன்றும் தெளிவாகப் பிரிகின்றன. உறிஞ்சு குழாயில் ஒரு டீ வடிவ இணைப்பு வைத்து, சிறு வால்வு வழியே கொஞ்சம் காற்றை விட்டபோதுதான் சிக்கல். திறன் 700 முதல் 800 வரை வருகிறது. மூடிய வால்வும் அதே எல்லைக்குள்தான்.

சர்க்யூட்பிரியன்:
அப்படியானால் 600 என்று வைத்துவிடுங்கள், காற்று கலந்ததை விட்டுவிடலாம்.

மோட்டார் ஆய்வகம்:
வற்றும் கிணறு முதலில் காற்றைத்தான் கலக்கும், அதை எப்படி விடுவது? சராசரியைப் பார்க்காதீர்கள், அலைவைப் பாருங்கள். மூடிய வால்வில் அளவு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். காற்று கலந்தால் ஏறி இறங்கும். நொடிக்கு ஓர் அளவாக முப்பது அளவுகளை எடுத்து, அவற்றின் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள். அதையே 200, 230, 250 வோல்ட்டில் திரும்பச் செய்யுங்கள். அந்த மாட்யூலுக்கு 260 வோல்ட்தான் உச்சம், அதைத் தாண்டாதீர்கள். இந்த அட்டவணைதான் உங்கள் புராஜெக்ட். ரிலேயும் பெட்டியும் கடைசி இரண்டு வாரத்து வேலை.

கடைசிப்பருவம்:
பார்த்தோம். காற்று கலந்தபோது ஏறி இறங்குவது நன்றாகத் தெரிகிறது. ஆனால் தொட்டியில் சுழல் உருவானால் வால்வு பாதி மூடியிருக்கும்போதும் அளவு ஆடுகிறது. உறிஞ்சு குழாயின் வாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கிப் பார்க்கப்போகிறோம்.

மோட்டார் ஆய்வகம்:
இறக்குங்கள். அப்படியும் ஆடினால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். நீர்மூழ்கி மோட்டாரிலும் இதே அலைவு தெரியுமா என்பதை நான் சோதித்ததில்லை. தலைப்பில் 'மோனோபிளாக்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.