மீதியை வைத்து அணி பிரித்த அனுபவங்கள்

தேனி டீச்சர்: எட்டாம் வகுப்பில் 40 பேரை நான்கு அணியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எக்செல் தாளில் தலைப்பு முதல் வரிசையில், பெயர்கள் இரண்டாம் வரிசையிலிருந்து. வரிசை எண்ணில் இரண்டைக் கழித்து, நாலால் வகுத்த மீதியை வைத்துப் போட்ட சூத்திரம் இதுதான்:

```
=MOD(ROW()-2,4)+1
```

அணிக்குப் பத்துப் பேர், கணக்கு சரி. ஆனால் 1, 3 அணிகளில் பையன்கள் மட்டும். 2, 4 அணிகளில் பெண்கள் மட்டும். பட்டியல் ஒரு பையன், ஒரு பெண் என்று மாறி மாறி இருந்தது. நாலு இரட்டை எண் என்பதால், முதல் பெயருக்கு அப்புறம் ஐந்தாவது, ஒன்பதாவது என்று ஒன்றாம் அணிக்கு எப்போதும் பையனே வருவான். அதே பட்டியலை ஐந்து அணியாகப் பிரித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் நாலு பையன், நாலு பெண். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பி.டி. சார்: மைதானத்தில் தினமும் நடப்பதுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனச் சொல்லிக்கொண்டே வரச் சொன்னால், சேர்ந்து விளையாட நினைக்கிற இருவர் நடுவே மூன்று பேரை விட்டு நின்றுகொள்கிறார்கள். அதனால் ஆள் நின்ற பிறகுதான் எத்தனை அணி என்று சொல்வேன்.

கரும்பலகை: ROW()-2 வேண்டாம் டீச்சர், வருகைப் பதிவேட்டு எண்ணில் ஒன்றைக் கழித்துப் போடுங்கள். பட்டியலை எப்படி அடுக்கினாலும் அணி மாறாது.

எக்செல் பித்தன்: அடுக்கினால் மாறாது என்பது உண்மை. ஆனால் டி.சி. வாங்கிப் போனவர்களின் எண்கள் காலியாக இருக்குமே! 4, 8, 12 மூன்றும் போயிருந்தால் நான்காம் அணிக்கே மூன்று பேர் குறைவு. நான் ROW() வைத்தே பிரித்து, அந்தப் பத்தியை நகலெடுத்து அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுவேன். ஒட்டாமல் விட்டால், நடுவில் ஒரு வரிசையை நீக்கியதும் அதற்குக் கீழே உள்ள எல்லோருக்கும் அணி மாறிவிடும். இன்னொன்று, ஃபில்டரில் மறைந்த வரிசைகளும் எண்ணிக்கையில் சேரும்.

டீச்சர், உங்கள் பட்டியலை முதலில் பையன்கள், அப்புறம் பெண்கள் என்று அடுக்கிவிட்டு அதே சூத்திரத்தைப் போடுங்கள். இரு பாலரும் அணிகளில் பரவிவிடுவார்கள், ஓர் ஆள் கூடக்குறைய இருக்கலாம்.

தேனி டீச்சர்: அடுக்கிப் பார்த்தேன், 20 பையன், 20 பெண், அணிக்கு ஐந்தைந்து. நன்றி சார்.

பத்தாம் வகுப்பு அம்மா: என் மகள் பள்ளியில் ரேங்க் வரிசையில் இப்படிப் பிரித்தார்கள். முதல் அணிக்கு 1, 5 ரேங்க். கடைசி அணிக்கு 4, 8. ஒவ்வொரு சுற்றிலும் முதல் அணிக்கே நல்ல ஆள். இது நியாயமா?

எக்செல் பித்தன்: இல்லை அம்மா. ஒரு சுற்று முன்னால் போனால் அடுத்த சுற்று பின்னால் வர வேண்டும். முதல் அணிக்கு 1, 8. கடைசி அணிக்கு 4, 5. எல்லா அணியிலும் கூட்டினால் 9.

```
=IF(MOD(ROW()-2,8)<4,MOD(ROW()-2,8)+1,8-MOD(ROW()-2,8))
```

பி.டி. சார்: ரேங்க் கூட்டல் சமமானால் அணி சமமாகிவிடுமா? முதல் ரேங்க் இருக்கிற அணியில் மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. நடு ரேங்க் இருவர் சேர்ந்த அணிதான் என் வகுப்பில் நன்றாகச் செய்கிறது.