பிள்ளைகள் வாட்டில் ஒரு நாள் தவறிப்போய், துறைத் தலைவரிடம் அனுமதி கேட்கப் போன அனுபவம்

இறுதி வருட மாணவி

போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

பிள்ளை மருத்துவ வாட்டில் பயிற்சி எடுக்கும் அப்பொயின்ட்மென்ட்டில் மூன்றாவது கிழமை. செவ்வாய் பின்னேரம், சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் உள்ள நாலு வயதுப் பையன் ஒருவனின் வருத்த விபரம் கேட்டு, சோதித்து கிளார்க் பண்ணி, அடுத்த நாள் ரவுண்டில் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். நடுச்சாமம் சத்தி தொடங்கியது. விடிவதற்குள் ஆறு தரம் வயிற்றோட்டம். புதன்கிழமை எங்கள் யூனிட் அவசர நோயாளிகளை எடுக்கும் கசுவல்ட்டி நாள் வேறு, இரவு பத்து மணிவரை நிற்க வேண்டும். காலை ஐந்தரைக்கு குரூப் லீடருக்கு மெசேஜ் போட்டு, ரெஜிஸ்ட்ராரிடம் சொல்லச் சொன்னேன். வெள்ளவத்தை போர்டிங்கில் நாள் முழுக்க ஜீவனிதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வயிற்றோட்டம் நின்றது. ஐந்தரைக்குப் பக்கத்து டொக்டரிடம் போய் மெடிக்கல் சான்றிதழ் எடுத்தேன்.

வியாழன் காலை உடம்பு தெம்பாக இருந்ததால் வாட்டுக்குப் போய்விட்டேன். ரவுண்ட் முடிய, கடிதத்தோடு துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். கடிதத்தில் வருத்தம் என்ன என்பதை ஒரே வரியில்தான் எழுதினேன். தவறவிட்ட காலை ரவுண்ட், பெட்சைட் வகுப்பு, கசுவல்ட்டி மூன்றையும் தனித்தனியே எழுதி, கசுவல்ட்டியை இன்னொரு குரூப்போடு செய்து முடிக்க அனுமதி கேட்டிருந்தேன்.

மெடம் முழுவதையும் வாசித்தார். மெடிக்கலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடைசியாக எத்தனை மணிக்கு வயிற்றோட்டம் போனது?" என்று கேட்டார்.

"நேற்றுப் பின்னேரம் நாலு மணி, மெடம்."

"இன்று காலை யாரையெல்லாம் தொட்டுப் பார்த்தீர்?"

மூன்று பிள்ளைகளைச் சொன்னேன். அதில் ஒருவன் அந்த நெஃப்ரோட்டிக் பையன். மெடம் பேனையைக் கீழே வைத்துவிட்டு வாட் சிஸ்டருக்குப் போன் எடுத்து, மூன்று பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டமோ சத்தியோ வந்தால் உடனே சொல்லச் சொன்னார். பிறகு என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "அவன் பிரெட்னிசொலோனில் இருக்கிறான், தொற்று வந்தால் தாங்கமாட்டான். உடம்பு வீங்கியிருந்தாலும் அவனுடைய இரத்தக் குழாய்க்குள் நீர் குறைவு. அதற்கு மேல் வயிற்றோட்டமும் வந்தால் என்ன நடக்கும் என்று நீரே யோசியும். நேற்று வராமல் விட்டது சரி. இன்று வந்ததுதான் பிழை."

திரும்ப வாட்டுக்குப் போக, கடைசி வயிற்றோட்டத்திலிருந்து 48 மணித்தியாலம் கழியவேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது என் உடம்புக்கும் பொருந்தும் என்று அன்று காலை யோசிக்கவே இல்லை. வெள்ளி நாலு மணிவரை வாட் பக்கம் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஒரு நாளுக்கு அனுமதி கேட்கப் போய் மூன்று நாள் ஆகிவிட்டது.

மூன்றாம் வருடம்

அக்கா, 80 வீதம் வரவு இருந்தால் போதும்தானே? நான் காய்ச்சலில் ஒரு நாள் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. இதற்காகத் துறைத் தலைவர்வரை போகத்தான் வேண்டுமா?

முன்னாள் ரெஜிஸ்ட்ரார்

தம்பி, பாதி சரி. வீதத்தை ஒவ்வொரு அப்பொயின்ட்மென்ட்டுக்கும் தனியாகத்தான் பார்ப்பார்கள். இரண்டு கிழமை அப்பொயின்ட்மென்ட் என்றால் வேலை நாள் பத்து. இரண்டு நாள் தவறினாலே எல்லைக்கு வந்துவிடுவீர்கள். நான் வேலை செய்த யூனிட்டில் கசுவல்ட்டி நாளை வீதத்தோடு சேர்க்காமல் தனியாகக் கையெழுத்து வைப்போம். அங்கே 95 வீதம் இருந்தாலும் கசுவல்ட்டிக் கட்டம் வெறுமையாக இருந்தால் படிவம் திரும்பி வரும்.

இன்னொன்று, மெடிக்கல் கொடுத்தால் வராத நாள் வந்த நாளாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வராததற்கான காரணத்தை மட்டும்தான் சொல்கிறது. தவறிய வேலையை எப்போது, யாரோடு செய்யப்போகிறேன் என்று கேட்டு வரும் பிள்ளைக்குத்தான் நான் உடனே கையெழுத்து வைத்திருக்கிறேன். "மன்னித்துக்கொள்ளுங்கள் சேர்" என்று மட்டும் வந்தால் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

தங்கச்சி, நீங்கள் ஹாண்ட் ரப் மட்டும் பாவித்தீர்களா? வைரஸ் வயிற்றோட்டத்துக்கு அதை நம்ப முடியாது. சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும்.

பொரளை போர்டிங்

எனக்கு டெங்கு வந்தபோது மெடிக்கலில்தான் சிக்கினேன். மருத்துவ வாட்டில் பயிற்சியில் இருந்த காலம். முதல் நாள் காய்ச்சலோடு படுத்துவிட்டு, டொக்டரிடம் போகாமல் பனடோல் போட்டேன். மூன்றாம் நாள்தான் இரத்தம் சோதித்தேன், பிறகு அட்மிட் பண்ணினார்கள். வாட்டில் இருந்த நாட்களுக்கு டயக்னோசிஸ் கார்ட் இருந்தது. முதல் இரண்டு நாளுக்குக் கையில் ஒன்றுமில்லை. தனியார் டொக்டர் ஒருவரிடம் போய் முந்திய தேதி போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன். தான் பார்க்காத நாளுக்கு எழுதமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி, நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது.

கடைசியில் சேரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். இரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் தாளில் தேதியும் நேரமும் இருந்தன, பிளேட்லெட் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. "காய்ச்சல் அன்றைக்குத் தொடங்கியிருக்காது" என்று சொல்லி முதல் இரண்டு நாளையும் ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பதில் வேறு யாராவது இருந்திருந்தால் ஏற்றிருப்பார்களா என்று சொல்லமுடியாது.

வவுனியா அப்பா

என் மகளும் கொழும்பில்தான் படிக்கிறாள். அம்மை போட்டுப் பரீட்சைக்குப் போகமுடியாமல் இருக்கிறாள். நான் துறைத் தலைவருக்குப் போன் பண்ணிக் கதைக்கலாமா?

முன்னாள் ரெஜிஸ்ட்ரார்

ஐயா, பரீட்சை வேறு விஷயம். வாட் நாளைத் துறைக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம். பரீட்சை என்றால் பீடாதிபதி அலுவலகத்துக்கும் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரிக்கும் போகவேண்டும், அதற்குக் கால எல்லையும் உண்டு. இன்றைக்கே மகளை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் போன் எடுக்க வேண்டாம். பெற்றோர் எடுத்தால் துறைத் தலைவர் மறுமொழி சொல்ல மாட்டார், மகளுக்கும் சங்கடம். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு வரும்வரை அவள் எந்த வாட்டுக்கும் போகக்கூடாது.

மூன்றாம் வருடம்

அக்கா, வியாழனும் வெள்ளியும் மெடமே போகச் சொன்ன நாள்தானே. அதுவும் வராத நாளாகத்தான் எண்ணுவார்களா?

இறுதி வருட மாணவி

அதுதான் இன்னும் தெளிவில்லை, தம்பி. புதனுக்கு மெடம் கடிதத்திலேயே கையெழுத்து வைத்துவிட்டார். மற்ற இரண்டு நாளைப் பற்றிக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. ஒஃபிஸில் இருக்கிற அக்கா, மெடம் வாயால் சொன்னது பதிவில் வராது, இன்னொரு கடிதம் கொடு என்றார். இன்று கொடுத்தேன்.

அண்ணா, ஹாண்ட் ரப்தான் பாவித்தேன். அதை நினைத்து இரண்டு நாள் நித்திரை இல்லை. சனிக்கிழமை வாட்டுக்குப் போனதும் முதலில் சிஸ்டரிடம்தான் கேட்டேன். மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்ற குரூப்போடு கசுவல்ட்டியில் பத்து மணிவரை நின்று, ஹவுஸ் ஒஃபிஸரிடம் கையெழுத்து வாங்கினேன். திங்கள் ரவுண்டில் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். சிறுநீரில் புரதம் நின்று இரண்டு நாள் ஆகிவிட்டதாம், வீக்கமும் இறங்கியிருந்தது. மெடம் கேட்ட முதல் கேள்வி அவனுடைய அன்றைய நிறை. அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.