கலைச்சொல் வேண்டும்: காம்ப்டன் சிதறலில் ஓடும் எலக்ட்ரானுக்குப் பெயர் என்ன?

மாலதி:

அனைவருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியலுக்கான காம்ப்டன் சிதறல் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டோம்.

முதலாவது, எக்ஸ் கதிர் ஃபோட்டான் மோதியதும் கிளம்பி ஓடும் ரீகாயில் எலக்ட்ரான். துப்பாக்கி சுட்டதும் பின்னால் உதைப்பதைப் பள்ளிப் பாடத்தில் பின்னியக்கம் என்று படித்திருப்பதால், வரைவில் "பின்னியக்க எலக்ட்ரான்" என்று போட்டுவிட்டோம். இரண்டாவது, காம்ப்டன் ஷிஃப்ட். இடப்பெயர்ச்சி என்பதை ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். நகர்வு, பெயர்ச்சி, அலைநீட்சி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் மாணவர் மனத்தில் தவறான படம் விழக் கூடாது.

பிரபு:

பின்னியக்கமே சரி என்று நினைக்கிறேன். எலக்ட்ரான் எக்ஸ் கதிரை விழுங்குகிறது, பிறகு கொஞ்சம் நீண்ட அலைநீளத்தில் உமிழ்கிறது. உமிழும்போது உதை வாங்குகிறது. குண்டு போனதும் துப்பாக்கி உதைபடுவது போலத்தான். இன்னும் சொன்னால் சிதறல் என்ற சொல்லையே மாற்றி "மறு உமிழ்வு" என்று வைத்தால் நடப்பது தெளிவாகும்.

சண்முகம்:

> எலக்ட்ரான் எக்ஸ் கதிரை விழுங்குகிறது

இங்கேதான் இடறுகிறது, பிரபு. கட்டுப்படாத எலக்ட்ரானால் ஒரு ஃபோட்டானை முழுதாக விழுங்க முடியாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். காம்ப்டன் பயன்படுத்திய மாலிப்டினம் கதிரின் அலைநீளம் 71.1 பிக்கோமீட்டர். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 17.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அதன் உந்தம் முழுவதையும் ஒரு எலக்ட்ரான் வாங்கிக்கொண்டால், அந்த உந்தத்தோடு ஓடும் எலக்ட்ரானுக்கு இருக்கக்கூடிய இயக்க ஆற்றல் வெறும் 0.3 கிலோ எலக்ட்ரான்வோல்ட். மீதி 17.1 எங்கே போகும்? வைக்க இடமில்லை. அதனால் ஏதோ ஒன்று வெளியே போயே ஆக வேண்டும். அணுவுக்குள் கட்டுண்ட எலக்ட்ரான் என்றால் கதை வேறு. அங்கே உந்தத்தை அணு தாங்கிக்கொள்ளும், ஒளிமின் விளைவு அப்படித்தான் நடக்கிறது. ஆகவே "மறு உமிழ்வு" வேண்டாம். அந்தச் சொல்லைப் படிக்கும் மாணவர், இடையில் எலக்ட்ரான் நிறைந்த வயிற்றோடு ஒரு கணம் நின்றதாகவே நினைப்பார்.

மாலதி, "பின்" எனக்கு உறுத்துவதற்குக் காரணம் திசை. துப்பாக்கி குண்டுக்கு எதிர்த் திசையில் போகிறது, சரி. ஆனால் காம்ப்டன் சிதறலில் எலக்ட்ரான் ஒருபோதும் பின்னால் வருவதில்லை. கதிர் போகும் திசைக்கு 0 முதல் 90 பாகைக்குள் முன்னால்தான் பாயும். பின்னால் திரும்ப வாய்ப்புள்ளது ஃபோட்டான் மட்டுமே.

தேவகி:

எங்கள் ஆய்வகத்தில் சீசியம் 137 வைத்து நிறமாலை எடுக்கிறோம். சோடியம் அயோடைடு படிகம், 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் பெரிய உச்சம். அதோடு 184 பக்கத்தில் ஒரு சின்ன மேடு எப்போதும் வருகிறது. மாணவர்கள் அதைப் பின்சிதறல் உச்சம் என்றே எழுதுகிறார்கள். எலக்ட்ரான் பின்னால் வருவதில்லை என்றால் இந்த மேடு எப்படி வருகிறது? பின் என்ற சொல் எங்களுக்குப் பழகிவிட்டது, அதை எடுக்காமல் விட்டால் நல்லது.

சண்முகம்:

தேவகி அம்மா, அந்த மேடு எலக்ட்ரானுடையது அல்ல, ஃபோட்டானுடையது. மூலத்துக்குப் பின்னால் இருக்கும் ஈயக் கவசத்திலோ மேசையிலோ மோதி, 180 பாகை திரும்பி, உங்கள் படிகத்துக்குள் வந்து விழும் ஃபோட்டான்கள் அவை. 662 உடன் போனது 184 ஆகத் திரும்புகிறது. மீதியைக் கவசத்தில் உள்ள எலக்ட்ரான் வைத்துக்கொண்டு அங்கேயே அடங்கிவிடுகிறது. ஐயம் இருந்தால் மூலத்துக்குப் பின்னால் ஒரு கனமான அலுமினியத் தகட்டை வைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள், மேடு உயரும்.

எலக்ட்ரானைப் பார்க்க வேண்டுமானால் அதே நிறமாலையில் 478 பக்கம் பாருங்கள். அங்கே ஒரு சரிவு திடீரென விழும், காம்ப்டன் விளிம்பு. அது படிகத்துக்குள்ளேயே நடந்த மோதலில் எலக்ட்ரான் வாங்கக்கூடிய உச்ச ஆற்றல். 662 இலிருந்து 184 ஐக் கழித்தால் அதே 478. ஒரே மோதலின் இரு பங்குகள்.

உங்கள் கேள்வியே என் பக்கத்துக்குச் சான்று. பின்சிதறல் என்பது திரும்பி வந்த ஃபோட்டானுக்கு நிலைத்துவிட்ட சொல். எலக்ட்ரானுக்கும் "பின்" கொடுத்தால் ஒரே பக்கத்தில் இரண்டு பின்களும் எதிரெதிர் திசையில் நிற்கும்.

ரவீந்திரன் (யாழ்ப்பாணம்):

இங்கே இலத்திரன் என்றுதான் எழுதுவோம், அந்தச் சண்டையை இப்போது எடுக்கவில்லை. கரம் பலகையை நினைத்துப் பாருங்கள். அடிகாய் வந்து இடிக்கிறது, நின்ற காய் முன்னால் ஓடுகிறது. அந்தக் காய் பின்னியங்கியது என்று யாரும் சொல்வதில்லை. உதைபட்ட காய் என்போம். ஆகவே "உதையுண்ட இலத்திரன்". எற்றுண்ட என்றும் சொல்லலாம், ஆனால் மாணவருக்கு அதற்கும் ஒரு உரை எழுத வேண்டி வரும்.

பிரபு:

உதையுண்ட சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அலைநீளம் நீளுவதற்குத் துகள் எதற்கு? அலையே எலக்ட்ரானைத் தள்ளட்டும். ஓடிப்போகும் எலக்ட்ரான் அலையைச் சிதறடித்தால் டாப்ளர் விளைவால் அலைநீளம் நீளும். ரயில் தூரப் போகும்போது விசில் தாழ்வது போல. அப்படியானால் ஷிஃப்ட்டை டாப்ளர் பெயர்ச்சி என்ற குடும்பத்திலேயே சேர்க்கலாமே?

சண்முகம்:

பாதி சரி, ஆனால் அந்தப் பாதிதான் ஆபத்தானது. ஓடும் எலக்ட்ரானிலிருந்து டாப்ளர் மாற்றம் வரும் என்பது உண்மை. ஆனால் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் எலக்ட்ரானின் வேகம் படிப்படியாகக் கூடும். அப்போது மாற்றமும் படிப்படியாகக் கூடி, நிறமாலையில் ஒரு பரந்த பட்டை வர வேண்டும். கதிரின் செறிவைக் கூட்டினால் மாற்றமும் கூட வேண்டும். 1923 இல் காம்ப்டன் வெளியிட்ட அளவுகளில் இது எதுவும் இல்லை. கிராஃபைட்டில் 90 பாகையில் சிதறிய கதிரை எடுத்தால் இரண்டு தனித்தனி உச்சங்கள். ஒன்று பழைய அலைநீளத்திலேயே நிற்கிறது, மற்றது 2.4 பிக்கோமீட்டர் தள்ளி நிற்கிறது. செறிவு எவ்வளவானாலும் அதே இடம்.

Δλ = (h/mc)(1 − cos θ)

இதில் வந்த கதிரின் அலைநீளமே இல்லை என்பதைக் கவனியுங்கள். டாப்ளர் மாற்றம் அலைநீளத்தின் விகிதமாக வரும், நீண்ட அலைக்குப் பெரிய மாற்றம். இது அப்படியில்லை. ஒரே கோணத்தில் எக்ஸ் கதிருக்கும் அதே 2.4 பிக்கோமீட்டர், காமாக் கதிருக்கும் அதே. 500 நானோமீட்டர் பச்சை ஒளிக்கும் அதே என்று வைத்துக்கொண்டால், அது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு, கண்டுபிடிக்கவே முடியாது. அதோடு பச்சை ஒளியின் 2.5 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு அணுவின் எலக்ட்ரான் எதுவும் கட்டற்றதாகத் தெரியாது. அதனால்தான் எக்ஸ் கதிர் தேவைப்பட்டது.

எக்ஸ் கதிரிலும் அளவிடுவது எளிதில்லை. கால்சைட் படிகத்தில் பிரித்துப் பார்க்கும்போது 90 பாகைச் சிதறலின் இரு உச்சங்களுக்கும் இடையே படிகத்தைத் திருப்ப வேண்டிய கோணம் கால் பாகைக்கும் குறைவு. 45 பாகைச் சிதறலில் மாற்றம் 0.7 பிக்கோமீட்டர்தான், படிகத்தை அதில் மூன்றில் ஒரு பங்கே திருப்ப வேண்டும். பிளவு கொஞ்சம் அகலமானாலும் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். ஆய்வகத்தில் "மாற்றமே இல்லை" என்று வரும் பல அறிக்கைகளுக்கு இதுதான் காரணம்.

மாலதி:

மாறாமல் நிற்கும் அந்த உச்சத்தைப் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும். எல்லா ஃபோட்டானும் எலக்ட்ரானோடு மோதினால் அது எப்படி மிஞ்சுகிறது என்று கேட்பார்கள்.

சண்முகம்:

சமன்பாட்டில் m என்ற இடத்தில் எலக்ட்ரானுக்குப் பதில் கார்பன் அணு முழுவதையும் போடுங்கள். நிறை சுமார் 22,000 மடங்கு, மாற்றம் அதே மடங்கு குறையும். அணுவோடு இறுகக் கட்டுண்ட எலக்ட்ரானில் சிதறினால் உதையை அணு முழுவதும் வாங்கிக்கொள்கிறது, அலைநீளம் அசையவில்லை போலத் தெரிகிறது. 90 பாகை மோதலில் எலக்ட்ரான் வாங்குவது சுமார் 580 எலக்ட்ரான்வோல்ட். கார்பனின் உள்கூட்டு எலக்ட்ரானைப் பிடுங்கவே 284 வேண்டும், வெளிக்கூட்டுக்கு அதில் மிகச் சிறு பங்கே போதும். அதனால் கிராஃபைட்டில் இரண்டு வகையும் கலந்து வருகின்றன.

இன்னொன்றும் பாடத்தில் வரட்டும். இந்தச் சமன்பாட்டோடு துகள் கருத்து முழுதாக நிறுவப்பட்டுவிட்டது என்று எழுத வேண்டாம். 1924 இல் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் மூவரும், ஆற்றலும் உந்தமும் சராசரியில் மட்டுமே அழியாமல் இருக்கின்றன, ஒவ்வொரு மோதலிலும் அல்ல என்று முன்வைத்தார்கள். அலைநீள மாற்றத்தின் அளவை மட்டும் கொண்டு அதை மறுக்க முடியவில்லை. 1925 இல் போத்தேவும் கைகரும் ஹைட்ரஜனில் சிதறலை நடத்தி, எலக்ட்ரானுக்கு ஓர் எண்ணியும் ஃபோட்டானுக்கு ஓர் எண்ணியும் வைத்தார்கள். இரண்டும் ஒரே கணத்தில் அடித்த தடவைகள் தற்செயலுக்கு மிக அதிகம். ஒவ்வொரு மோதலிலும் கணக்கு நேராகிறது என்பதற்கு அது வழுவான சான்று. உதையுண்ட எலக்ட்ரானுக்கு நல்ல பெயர் தேவைப்படுவதும் அதனால்தான்.

ரவீந்திரன்:

வழுவான என்றால் பிழையான என்று பொருள், ஐயா. வலுவான என்று திருத்திவிடுங்கள்.

ஷிஃப்ட்டுக்கு: அலைநீட்சி கவர்ச்சியானது, ஆனால் வேகமான இலத்திரன் மீது ஒளி பட்டால் அலைநீளம் குறுகவும் செய்யும், வானியலில் அது வருகிறது. அப்போது நீட்சி பொய்யாகிவிடும். 1928 இல் ராமன் கல்கத்தாவில் கண்ட சிதறலிலும் ஒரு ஷிஃப்ட் உண்டு, அங்கே நிலையாக இருப்பது அதிர்வெண்ணின் வேறுபாடு. இரண்டுக்கும் பொதுவாகப் "பெயர்வு" எனலாமா?

பிரபு:

பெயர்வு, செம்பெயர்ச்சி இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. முதலில் சண்முகம் ஐயா பிரித்து வைத்த விகித மாற்றத்தையும் கூட்டல் மாற்றத்தையும் மறுபடி ஒட்டவைக்கிறீர்கள். எனக்கு வெறும் "காம்ப்டன் அலைநீள வேறுபாடு" போதும். நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை.

தேவகி:

நீளமான சொல் தேர்வில் கை வலிக்கும். பெயர்வு எனக்குச் சரி.

மாலதி:

எலக்ட்ரானுக்கு "உதையுண்ட எலக்ட்ரான்" என்றே இந்த அச்சில் போகிறது. ஷிஃப்ட்டுக்குப் பெயர்வு என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அலைநீள வேறுபாடு என்று சேர்க்கிறோம். அடுத்த பதிப்பில் மறுபடி பேசலாம்.

சண்முகம்:

படம் வரைபவருக்கு ஒரு வார்த்தை. ஃபோட்டானை 90 பாகையில் காட்டும்போது எலக்ட்ரானின் அம்பை மறுபக்கம் 44 பாகையில் வையுங்கள். ஃபோட்டான் 135 இல் போனால் எலக்ட்ரான் 22 இல் போக வேண்டும். முந்தைய வரைவில் இரண்டு படத்திலும் ஒரே அம்பை நகலெடுத்து ஒட்டியிருந்தது.